ஆச்சியின் பாம்படத்தை உருக்கிய ஆப்: பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கூர்மையும் நிறமும் ஏற்றுவது எப்படி

எங்கள் வீட்டில் ஆச்சியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1956இல் திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது, போஸ்ட் கார்டு அளவு. மர ஸ்டாண்டில் ஒரு பூச்சாடி, அதன் மேல் ஒரு கை, காதில் தோள் வரை தொங்கும் பாம்படம். போன வருடம் ஒரு இலவச ஆப்பில் அந்தப் படத்தைப் போட்டேன். பத்து விநாடியில் கண் இமை முடிகூடத் தெரிகிற மாதிரி ஒரு கலர் படம் வந்தது. அதை அத்தைக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் போன் வந்தது. "நல்லாத்தாம்ல இருக்கு, ஆனா இது யாரு?"

மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். மூக்குத்தி இரண்டும் இல்லை. தாடையில் இருந்த மச்சம் இல்லை. பாம்படம் உருகிய மெழுகு மாதிரி ஆகி, நீண்டு தொங்க வேண்டிய காது மடல் சாதாரணக் காதாகச் சுருங்கியிருந்தது. சேலை நீலம். ஆச்சி வாழ்நாளில் நீலச் சேலை கட்டியதே இல்லை என்பது அத்தையின் வாதம்.

அதன் பிறகு அந்தப் படத்தை முதலிலிருந்து ஒழுங்காகச் செய்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். முன்அனுபவம் எதுவும் வேண்டாம். ஒரு கணினி, எங்கேயாவது ஒரு ஸ்கேனர், ஜிம்ப் என்ற இலவச மென்பொருள், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும். போனில் இருக்கும் ஆப்பை வைத்தே செய்கிறவர்களுக்கும் கீழே சொல்லும் சோதனைகள் பொருந்தும்.

முதலில் ஸ்கேன்

படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தால் பின்பக்க அட்டையை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உரித்தால் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு போய்விடும், அதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அப்படியே கண்ணாடியோடு ஸ்கேனரில் வையுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் ஓரம் வெயில் நேரடியாகப் படாத இடத்தில் வைத்து, போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். துணி இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும். கண்ணாடியின் மேலே வைத்த சந்தனம், குங்குமத்தைத் துடைக்கலாம். படத்தின் மேலேயே ஈரத்துணி வைக்காதீர்கள். தூசிக்கு மெல்லிய பிரஷ் போதும்.

ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி, கலர், கோப்பு வகை TIFF அல்லது PNG. கருப்பு வெள்ளைப் படத்துக்கு ஏன் கலர் ஸ்கேன் என்று கேட்பீர்கள், அடுத்த படியில் சொல்கிறேன். தானாகத் தூசி நீக்கும், தானாகக் கூர்மையாக்கும் வசதிகள் ஸ்கேனரில் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், அவையும் சிறிய அளவில் கைவேலை செய்பவைதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும், மிச்சமெல்லாம் இதை வைத்துத்தான். முகத்தின் உயரத்தை ஸ்கேலால் அளங்கள். ஆச்சியின் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை 11 மில்லிமீட்டர். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆக 600 டிபிஐயில் முகத்துக்குக் கிடைப்பது சுமார் 260 பிக்சல். ஒரு கண்ணுக்கு முப்பது சொச்சம். 1200 டிபிஐயில் எடுத்தால் இரண்டு மடங்காகுமே என்று நானும் எடுத்துப் பார்த்தேன். காகிதத்தின் நாரும் படத்தின் குருணையும்தான் பெரிதாகத் தெரிந்தன, ஆச்சியின் கண் கூடுதலாக ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்கேன் செய்த கோப்புக்கு "அசல்" என்று பெயர் வைத்து ஒரு தனி இடத்தில் போட்டுவிடுங்கள். இனி வேலையெல்லாம் அதன் நகலில்தான்.

மஞ்சளையும் கீறலையும் எடுப்பது

பழைய படங்களில் பழுப்புக் கறையும் மஞ்சள் படர்ந்ததும் இருக்கும். மஞ்சள் நிறக் கறை நீல ஒளியைத்தான் விழுங்கும், சிவப்பை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அதனால் கலர் ஸ்கேனில் இருக்கும் மூன்று அடுக்குகளில் சிவப்பு அடுக்கை மட்டும் எடுத்தால் கறை பெரும்பாலும் காணாமல் போகும். ஜிம்பில் Colors > Components > Extract Component என்று போய் RGB Red என்பதைத் தேர்ந்தெடுங்கள். கலர் ஸ்கேன் கேட்டது இதற்காகத்தான். ஆச்சியின் தோளில் இருந்த தேநீர்க்கறை போன்ற வட்டம் இந்த ஒரு கிளிக்கில் முக்கால்வாசி போய்விட்டது. இதில் கற்பனை எதுவும் கலக்கவில்லை, காகிதத்தில் ஏற்கனவே இருந்த தகவலைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

கீறல்களை ஜிம்பின் Heal கருவியால் கையாலேயே சரி செய்யுங்கள், அதுவும் ஆப்புக்குக் கொடுப்பதற்கு முன்னால். கன்னத்தில் குறுக்கே போகும் மடிப்புக் கோட்டை விட்டு வைத்தால் ஆப் அதைச் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு ஆச்சிக்கு இருபது வயது கூட்டிவிடும். எனக்கு நடந்தது. கீறல் கண்ணின் மேலேயோ வாயின் மேலேயோ போனால் மட்டும் கவனம். அங்கே நீங்கள் பூசுவதும் ஊகம்தான், கீறல் இருந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முகத்தைக் கூர்மையாக்குதல்

முகத்தை மீட்கும் இலவசக் கருவிகளில் எனக்குப் பிடித்தது CodeFormer. 2022இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. இணையத்தில் Hugging Face தளத்தில் இதன் மாதிரிப் பக்கத்தில் படத்தை ஏற்றிப் பார்க்கலாம். பிடித்ததற்குக் காரணம், அதில் ஒரு உண்மையான பொத்தான் இருக்கிறது: Codeformer_Fidelity. 0 முதல் 1 வரை நகர்த்தலாம். பக்கத்திலேயே 0 என்றால் தரம் கூடும், 1 என்றால் ஆள் அடையாளம் கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். அழகு வேண்டுமா, அந்த ஆள் வேண்டுமா என்று வெளிப்படையாகக் கேட்கிறார்கள். போன் ஆப்களும் இதே முடிவை உங்களுக்காக எடுக்கின்றன, பெரும்பாலும் கேட்காமல், அதிகமும் அழகின் பக்கம்.

உள்ளே நடப்பது இதுதான். இந்த மென்பொருளுக்கு FFHQ என்ற தொகுப்பிலிருந்து 70,000 முகங்களைக் காட்டிப் பழக்கியிருக்கிறார்கள். ஃப்ளிக்கர் என்ற புகைப்படத் தளத்திலிருந்து எடுத்த, நம் காலத்துக் கலர் முகங்கள். அவற்றிலிருந்து கண், மூக்கு, உதடு, தோல் என்று சின்னச் சின்னத் துண்டுகளுக்கான ஒரு அகராதியை அது உருவாக்கி வைத்திருக்கிறது. நீங்கள் மங்கலான முகத்தைக் கொடுத்தால், இந்த மங்கலுக்குப் பின்னால் இருக்கக்கூடிய கண் எது என்று அகராதியில் தேடி எடுத்து வைக்கும். முப்பது பிக்சல் கண்ணில் இமை முடி பதிவாகவே இல்லை. ஆனாலும் வெளியே வரும் படத்தில் ஒவ்வொரு முடியும் தனியாகத் தெரிகிறதென்றால் அந்த முடி அகராதியிலிருந்து வந்தது. பாம்படமும் நீண்ட காது மடலும் அந்த 70,000 முகங்களில் எத்தனை இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தெரியாத பொருளை அது தெரிந்த பொருளாக மாற்றுகிறது, மாற்ற முடியாவிட்டால் உருக்குகிறது. மூக்குத்தி அதற்கு ஒரு வெள்ளைத் தூசி, மச்சம் ஒரு கறுப்புத் தூசி. துடைத்துவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. CodeFormer முகத்தை வெட்டியெடுத்து 512க்கு 512 பிக்சல் சதுரமாக்கித்தான் வேலை செய்யும். உங்கள் ஸ்கேனில் முகமே 800 பிக்சல் இருந்தால் அது முதலில் சுருக்கிவிட்டு, பிறகு தன் அகராதியால் திரும்ப வரைகிறது. கையில் இருந்த நிஜ விவரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பொய்யான விவரத்தை வாங்கிக்கொள்கிறோம். பெரிய மார்பளவுப் படம் உங்களிடம் இருந்தால் இந்தப் படியே வேண்டாம், ஜிம்பில் Unsharp Mask லேசாகக் கொடுங்கள், போதும். மறுபக்கம், கல்யாணக் குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கிறவரின் முகம் ஐம்பது அறுபது பிக்சல்தான் தேறுகிறதென்றால் வெளியே வருவது முழுக்க வேறு ஆள். என் கைக்கணக்கில் 150க்கும் 500க்கும் நடுவில் இருக்கும் முகங்களுக்குத்தான் இந்தக் கருவியால் ஏதாவது பிரயோசனம். ஆச்சியின் 260 அந்த வரம்புக்குள் வருகிறது.

சரி, செய்முறை. படத்தை ஏற்றுங்கள். Background_Enhance, Face_Upsample இரண்டையும் அணையுங்கள், Rescaling_Factor 1 என்று வையுங்கள். இப்படிச் செய்தால் வெளிவரும் படம் அசலின் அதே அளவில் இருக்கும், ஒப்பிடுவது சுலபம், சேலையையும் அது தொடாது. பிறகு Codeformer_Fidelity மதிப்பை 0.2, 0.7, 1 என்று மூன்று முறை ஓட்டி மூன்றையும் சேமியுங்கள்.

எனக்குக் கிடைத்தது: 0.2இல் சினிமா நடிகை. தோல் பீங்கான், உதடு தடித்து, இரண்டு கண்களிலும் ஒரே மாதிரி வெளிச்சப் புள்ளி. 0.7இல் ஆச்சியின் சாடை இருந்தது, ஆனால் மூக்குத்தி ஒரு பக்கம் மட்டும். 1இல் மூக்குத்தி இரண்டும் மங்கலாக இருந்தன, மச்சமும் நிழல் போலத் தெரிந்தது, கண் கொஞ்சம் தெளிந்திருந்தது, முதல் பார்வைக்கு அதிகம் மாறாத மாதிரிதான் இருந்தது. நான் எடுத்துக்கொண்டது அதைத்தான்.

கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கண்ணுக்கு எப்போதும் தெளிவானதுதான் பிடிக்கும். ஜிம்பில் ஆப்புக்குக் கொடுத்த அதே நகலைத் திறந்து, File > Open as Layers மூலம் புதிய படத்தை அதன் மேல் போடுங்கள். மேல் அடுக்கின் Mode என்பதை Difference என்று மாற்றுங்கள். மாறாத இடமெல்லாம் கறுப்பாகவும் மாறிய இடமெல்லாம் வெளிச்சமாகவும் தெரியும். லேசாக எங்கும் பரவிய மினுமினுப்பு இருந்தால் குருணையை மட்டும் துடைத்திருக்கிறது என்று பொருள், பரவாயில்லை. கண் விளிம்பு, வாய் ஓரம், மூக்கின் நுனி, காது போன்ற இடங்களில் கோடு கோடாக வெளிச்சம் இருந்தால் உறுப்பின் வடிவமே நகர்ந்திருக்கிறது. 0.2 படத்தில் ஆச்சியின் வலது காது முழுவதும் வெள்ளையாக எரிந்தது.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பி, அதையும் ஆப்பில் ஓட்டி, வந்ததைத் திரும்பத் திருப்பி முதல் முடிவின் மேல் வைத்துப் பாருங்கள். ஆளும் அதே ஆள், பிக்சலும் அதே பிக்சல். இரண்டு முடிவும் ஒத்துப்போகாத இடத்தில் ஆப் ஊகித்திருக்கிறது. ஒத்துப்போனால் உண்மை என்று சொல்லிவிட முடியாது, ஒரே தப்பை இரண்டு தடவையும் செய்யலாம். ஆனால் ஒத்துப்போகாததை நம்பக் கூடாது என்பது நிச்சயம்.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த PULSE என்ற மென்பொருளில் ஒருவர் பராக் ஒபாமாவின் கட்டம் கட்டமான படத்தைப் போட, வெள்ளைக்காரர் ஒருவர் வெளியே வந்தார். அந்தப் படத்தைத் திரும்பச் சுருக்கினால் அதே கட்டங்கள் வரும், மென்பொருள் அந்த அளவில் பொய் சொல்லவில்லை. ஒரே மங்கல் படத்துக்குப் பின்னால் எத்தனையோ முகங்கள் இருக்க முடியும், அதில் தனக்குப் பழகிய ஒன்றை எடுத்துக் கொடுத்தது. ஒபாமாவை உலகத்துக்கே தெரியும், அதனால் சிரித்தோம். ஆச்சியை இப்போது தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்.

கடைசியாக, ஜிம்பில் புதிய அடுக்கின் Mode-ஐ மறுபடி Normal ஆக்கி, Opacity 40 சதவீதம் வைத்தேன். ஒரு Layer Mask போட்டு மூக்குத்தி, மச்சம், காது, பாம்படம் இருந்த இடங்களில் கறுப்பால் பூசினேன். அங்கெல்லாம் அசல் அப்படியே தெரியும். மங்கலாக இருக்கட்டும்.

நிறம்

நிறம் பூசும் மென்பொருள்களில் பேர் வாங்கியது DeOldify, 2018இல் வந்த திறந்த மூலத் திட்டம். எந்த ஆப்பானாலும் அடிப்படை ஒன்றுதான். படத்தின் வெளிச்ச அளவை மட்டும் வாங்கிக்கொண்டு, இந்த மாதிரி வடிவத்துக்கு இந்த மாதிரி நிறம் இருப்பது வழக்கம் என்று பழகிய கலர் படங்களிலிருந்து ஊகிக்கும். புல் பச்சை, வானம் நீலம், அதெல்லாம் சரியாக வரும். சேலைக்கு என்ன வழக்கம்?

கணக்காகவே பார்ப்போம். கலரைச் சாம்பலாக்க கணினி வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரம் இது, R சிவப்பு, G பச்சை, B நீலம், Y கிடைக்கும் சாம்பல்:

```
Y = 0.299 R + 0.587 G + 0.114 B
```

அரக்கு நிறத்துக்கு R 110, G 20, B 30 என்று வைத்துக்கொள்ளுங்கள், Y 48 வரும். அடர்ந்த இலைப்பச்சைக்கு R 0, G 75, B 35 என்று வையுங்கள், அதற்கும் 48தான். இரண்டும் ஒரே சாம்பல். அந்தச் சாம்பலிலிருந்து அரக்கா பச்சையா என்று திரும்பக் கண்டுபிடிக்க உலகத்தில் எந்த ஆப்பாலும் முடியாது, ஏனென்றால் அந்தத் தகவல் படம் எடுத்த அன்றைக்கே போய்விட்டது. ஆச்சியின் படத்தில் சேலைக்குக் கரை இருப்பதே சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், உடலும் கரையும் ஒரே இருட்டு. அத்தை சொன்ன பிறகுதான் புரிந்தது. அரக்குச் சேலை, பச்சைக் கரை.

பழைய ஃபிலிம் இந்தச் சூத்திரத்தைக்கூட மதிக்காது என்பது அடுத்த சிக்கல். ஆர்த்தோகுரோமாடிக் என்ற வகை ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி ஏறக்குறைய தெரியாது, அதனால் சிவப்பு எல்லாம் கறுப்பாக விழும். குங்குமம் சாந்து மாதிரி ஆகும், உதடு கறுக்கும், மாநிறத் தோல் இருந்ததைவிடக் கறுத்துக் காட்டும். நீலமோ வெளுத்துவிடும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாடிக் ஃபிலிம் வந்த பிறகும் பழைய வகை புழக்கத்தில் இருந்தது. ஆப்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அது எல்லாப் படத்தையும் இன்றைய கேமராவின் சாம்பலாகவே படிக்கும். அதனால் பழைய படத்தில் தோல் நிறத்தை ஆப் சொன்னபடி நம்பாதீர்கள், கறுப்பு பக்கமும் வெள்ளை பக்கமும் தப்பு நடக்கும்.

ஆப் ஊகிக்கிறது என்பதை நீங்களே பார்க்க வேண்டுமா? DeOldify-இல் render_factor என்று ஒரு எண் உண்டு. அதை 20 வைத்தும் 35 வைத்தும் ஓட்டினேன். முதலில் சேலை மங்கிய ஊதா, அடுத்தது நீலம். எண் ஏதும் மாற்ற முடியாத ஆப்பில் படத்தை வேறு வேறாக வெட்டிக் கொடுங்கள், முழு உருவம் ஒரு தடவை, இடுப்பு வரை ஒரு தடவை. சேலை நிறம் மாறினால் அது அந்தச் சேலையின் நிறம் இல்லை. இன்னொரு அடையாளம் எல்லாவற்றையும் மூடும் ஒரு பழுப்பு. நிச்சயமில்லாதபோது எல்லா நிறத்துக்கும் சராசரியாக ஒன்றைப் பூசிவிட்டால் பெரிய தப்பு வராது என்று இந்த மென்பொருள்கள் பழகியிருக்கின்றன. மங்கிய பழுப்புச் சேலை வந்தால் "தெரியவில்லை" என்று ஆப் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் நான் ஆப்பின் நிறத்தைத் தோலுக்கும் பின்னணித் திரைக்கும் மட்டும் அடித்தளமாக வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கையால் பூசினேன். அதற்கு முன்னால் ஒரு நாள் விசாரணை. அத்தையிடம் கேட்டேன், சித்தப்பாவிடமும் கேட்டேன், ஆனால் தனித்தனியாக. சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால் முதலில் பேசுகிறவர் நினைவு எல்லாருடைய நினைவாகவும் ஆகிவிடும். ஆப் பூசிய படத்தையும் அவர்களிடம் காட்டிவிட்டுக் கேட்காதீர்கள், அசலை மட்டும் காட்டுங்கள். நீலத்தைப் பார்த்த பிறகு சித்தப்பா "நீலமாத்தான் இருக்கும் போல" என்று இழுக்க ஆரம்பித்துவிட்டார், என் தப்பு. நல்லவேளையாக அந்தச் சேலையில் எனக்குத் தூளி கட்டியிருந்தார்கள், அதில் மிஞ்சிய ஒரு துண்டு அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. உள்மடிப்பைப் பிரித்து, அதிகம் வெளுக்காத இடத்தைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் வைத்துப் படம் எடுத்தேன். காகிதம் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் சேலை நிறமும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

பூசுவது கஷ்டமில்லை. ஜிம்பில் படம் Grayscale நிலையில் இருந்தால் Image > Mode > RGB என்று மாற்றுங்கள். மேலே ஒரு வெற்று அடுக்கு, அதன் Mode LCh Color. இந்த வகை அடுக்கு நிறத்தை மட்டும்தான் சேர்க்கும், அடியில் உள்ள வெளிச்சத்தைத் தொடாது. Color Picker கருவியால் துணிப் படத்தில் அரக்கைத் தொட்டு எடுத்து, மெத்தென்ற பிரஷால் சேலை மேல் பூசுங்கள், மடிப்புகளும் நிழலும் அப்படியே நிற்கும். கரைக்கு இன்னொரு அடுக்கு, பொட்டுக்கு ஒன்று, தங்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தனி அடுக்காக இருந்தால் நாளைக்கு யாராவது வந்து "இல்லை, வேறு நிறம்" என்று சொன்னால் அதை மட்டும் மாற்றலாம். அடுக்குகளோடு XCF கோப்பாகச் சேமியுங்கள்.

ரவிக்கை நிறம் யாருக்கும் நினைவில்லை. துணியும் இல்லை. அதைச் சாம்பலாகவே விட்டுவிட்டேன்.

ஸ்டூடியோக்காரர் மட்டும் என்ன செய்தார்?

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள், அந்தக் காலத்திலேயே ஸ்டூடியோவில் டச்சிங் செய்தார்களே, அப்போது மட்டும் கற்பனை இல்லையா என்று. இருந்தது, நிறையவே. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் அம்மைத் தழும்பை மறைத்தார்கள், புருவத்தை எடுத்துக் காட்டினார்கள், பிரிண்டின் மேல் நிறம் பூசினார்கள். இறந்த பிறகு எடுத்த படத்தில் மூடிய கண்ணைத் திறந்தது போல வரைந்து கொடுத்ததும் உண்டு. ஆச்சியின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தபோது இடது புருவத்தில் இணைகோடுகள் தெரிந்தன, பென்சில் வேலை. ஆப் அந்தப் பென்சில் புருவத்தையும் உண்மை என்று நம்பி அதற்கு முடி முளைக்க வைத்திருந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. டச்சிங் செய்தவர் எதிரே உட்கார்ந்த ஆளைப் பார்த்திருப்பார், அல்லது வீட்டாரைக் கேட்டிருப்பார். பெரிதாக்கிப் பார்த்தால் கை வேலை கை வேலையாகத் தெரியும். ஆப் செய்தது புகைப்படம் மாதிரியே இருக்கும்.

எதுவரை போகலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் கோடு, படம் யாருக்காக என்பதைப் பொறுத்தது. வீட்டு வரவேற்பறைக்கு மட்டும் என்றால் ரவிக்கைக்குப் பிடித்த நிறத்தைப் பூசிக்கொள்ளுங்கள், யார் கேட்கப்போகிறார்கள். குடும்ப வரலாறு எழுதவோ, ஊர் மலரில் போடவோ, ஒருவரை அடையாளம் காணவோ என்றால் கூர்மையாக்கிய முகத்தைத் தொடவே கூடாது, அசல் ஸ்கேன் மட்டும். பேரனுக்கு ஆச்சி சாடை இருக்கிறதா என்று அந்தப் படத்தை வைத்து ஒப்பிடுவதும் வீண், ஃப்ளிக்கர்காரர் யாரோ ஒருவரின் சாடையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். முகபாவத்தை மாற்றுவது மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். 2021 ஏப்ரலில் கம்போடியாவின் துவால் ஸ்லெங் சிறையில் கெமர் ரூஜ் ஆட்சி எடுத்த கைதிகளின் கருப்பு வெள்ளைப் படங்களுக்கு ஒருவர் நிறம் பூசி, அது வைஸ் இதழில் வந்தது. சிலரின் முகத்தில் அசலில் இல்லாத சிரிப்பு இருந்தது. சாகப்போகிறவர்களின் முகத்தில். உறவினர்களும் கம்போடிய அரசும் எதிர்த்த பிறகு அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். நம் ஆப்களில் "smile" என்று ஒரு பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது, விரல் தவறிப் பட்டுவிடும்.

அனுப்பும் முன்

முடித்த படத்தின் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பட்டை சேர்த்து, எது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். கோப்பின் உள்ளே குறிப்பாக எழுதினால் போதாது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தக் குறிப்பு கழன்றுவிடும், படமும் சுருங்கும். அசலை அனுப்புவதென்றால் Document ஆக அனுப்புங்கள். நான் எழுதியது: "1956, திருநெல்வேலி. முகம்: ஆப் மூலம் லேசாகத் தெளிவாக்கியது. சேலை: துணி பார்த்து. பொட்டு, நகை: அத்தை சொன்னபடி. தோல், திரை: ஆப்பின் ஊகம். ரவிக்கை: தெரியாது."

இணையத்தில் ஏற்றும் ஆப் எதுவானாலும் படம் வேறொருவரின் கணினிக்குப் போகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிறவர்களின், குறிப்பாகக் குழந்தைகளின் படத்தை ஏற்றுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

பிரிண்ட் போட்டு அத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் காதைப் பார்த்தார், பிறகு மூக்கை, பிறகு தாடையை. மச்சத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கீழே இருந்ததை வாசித்தார்.

"ரவிக்கை தெரியாதுன்னு போட்டிருக்கே. வெள்ளையாத்தான் இருக்கும்."

"நிச்சயமா அத்தை?"

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "இல்லல. அப்படியே விட்டுரு."